மழை நாளில் போன அரை லிட்டர்

பால்காரர் காலை நடையை முடித்து வந்து, கேனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விட்டுப்போன வீடுகளை மட்டும் சொல்வார். அவர் மனைவி கட்டம் போட்ட தாளில் அந்த வீட்டு வரிசையில், அன்றைய தேதிக்குக் கீழே பெருக்கல் குறி போடுவாள். மற்றக் கட்டங்களில் வழக்கமான அளவு ஏறிவிடும். மாதக் கடைசியில் லிட்டரைக் கூட்டி, விலையால் பெருக்கி, வீட்டுக்கொரு சீட்டு எழுதுவாள். தெருவில் அவளுக்குக் கணக்கம்மா என்றே பெயர்.

இந்த மாதம் கூட்டும்போது அவள் பேனா மாடி வீட்டு வரிசையில் நின்றது. அடைமழையில் பாலம் முழுகிய அன்று, பாலத்துக்கு அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் பெருக்கல் குறி. மாடி வீடும் அந்தப் பக்கம்தான். அதற்கு மட்டும் அரை லிட்டர் என்று இருந்தது.

"ஏங்க, அன்னைக்கு மாடி வீட்டுக்கு நீந்தியா போனீங்க?"

"குடுத்தாச்சுன்னா குடுத்தாச்சு. காசு வந்தா சரிதானே?" என்றவர், துண்டை உதறிக்கொண்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். மாடு கூப்பிடவே இல்லை.

அன்று மாலை ரவிக்கை வாங்கப் போன இடத்தில் தையல்காரியிடம் பேச்சுவாக்கில் விசாரித்தாள்.

"மாடி வீடா? அவங்க மகன்கிட்ட போய் ரெண்டு மாசமாச்சே. பூட்டுக்கா பால் ஊத்துறாரு உங்க வீட்டுக்காரர்?"

கணக்கம்மா சிரித்து வைத்தாள். இரண்டு மாதமாக யாருக்கோ பால் போகிறது. காசும் தவறாமல் வருகிறது. கட்டின புருஷன் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்கிறார். பாலத்துக்கு இந்தப் பக்கம் எவள் வீடு அது? தெருத் தெருவாக மனசுக்குள் நடந்து, தனியாக இருக்கும் பெண்களையெல்லாம் எண்ணிப் பார்த்தாள்.

பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். ஆனால் சைக்கிளோடு யார் ஓடுவது? அவளுக்குத் தெரிந்த வழி கணக்குதான். மழை நாளுக்கு வேண்டுமென்றே பெருக்கல் குறி போட்டாள். முப்பது நாளில் ஒன்று போக இருபத்தொன்பது. பதினாலரை லிட்டர், லிட்டர் ஐம்பத்திரண்டு, ஆக எழுநூற்று ஐம்பத்து நான்கு. சீட்டை எழுதி மற்றவற்றோடு சேர்த்துக் கணவரிடம் கொடுத்தாள். வாங்குகிறவள் கள்ளியாக இருந்தால் குறைந்ததே லாபமென்று வாயை மூடிக்கொள்வாள், இல்லையென்றால் திருத்தி அனுப்புவாள் என்று நினைத்தாள்.

எந்த வீட்டுப் பணம் என்று குழம்பாமல் இருக்க, சீட்டிலேயே பணத்தைச் சுற்றித் தருவது அங்கே பழக்கம். மறுநாள் அந்தச் சீட்டைப் பிரித்தாள். உள்ளே எழுநூற்று எண்பது. அவள் போட்ட கூட்டுத்தொகையை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் எழுதியிருந்தது: 'மழை நாளும் பால் வந்தது. 15 லிட்டர். 780.' ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு.

அப்படி ஏழு போடுகிறவள் ஒருத்திதான். அவள் ஓரகத்தி, பால்காரரின் அண்ணன் மனைவி. தொழில் பொதுவாக இருந்தபோது இந்த அட்டவணையை எழுதியவள். கொடுத்த நாளை விட்ட நாளாகப் போட்டுக் காசை ஒதுக்குகிறாள் என்று கணக்கம்மா நாலு பேர் முன்னால் சொன்னதில்தான் குடும்பம் இரண்டானது. அந்த வீட்டுக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது என்று கணவரிடம் சத்தியமும் வாங்கியிருந்தாள். இப்போது சீட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"அண்ணனுக்கு வேற பால் ஒத்துக்கல," என்றார் பால்காரர் தரையைப் பார்த்து. "உன்கிட்ட கேட்டா வீடு ரெண்டாகும். அதான் மாடி வீட்டு வரிசையில ஓட்டினேன்."

"மழையன்னைக்கு மட்டும் ஏன் மறைக்கத் தெரியல?"

"அண்ணி ஒரு நாளும் குறைச்சுத் தர மாட்டாங்க. நான் குறி போடச் சொன்னா, மிச்சக் காசை எங்கே வைக்கிறது?"

கணக்கம்மா அட்டவணையை எடுத்தாள். கொடுத்த நாளுக்கு விட்ட நாள் என்று குறி போட்டது இந்த முறை அவள் கைதான். அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளே பாலை எடுத்துப்போனாள். கதவைத் திறந்த ஓரகத்தி நகரவில்லை.

"என்ன, என் வீட்டுல கணக்குப் பாக்க வந்தியா?"

"பால் கொண்டு வந்தேன் அக்கா. பாத்திரம் எடுங்க."

பாத்திரம் வந்தது. கூடவே ஒரு அரை லிட்டர் அளவைக் குவளையும் வந்தது. ஊற்றிய பாலை ஓரகத்தி அதில் அளந்து, விளிம்பைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.

"சரியா இருக்கா?" என்றாள் கணக்கம்மா.

"இன்னைக்கு இருக்கு. சலுகை விலைன்னு ஏதாவது எழுதுனா திருப்பி அனுப்பிடுவேன்."

"ஐம்பத்திரண்டுதான். ஊருக்கு என்னவோ அதுதான் உங்களுக்கும்."

வீட்டுக்கு வந்து, புது மாதத் தாளில் மாடி வீட்டுப் பெயரை அடித்தாள். அதன்மேல் 'அக்கா வீடு' என்று எழுதி, முதல் கட்டத்தில் அரை லிட்டர் போட்டாள்.