எந்த வாசலில் இறக்கிவிட வேண்டும்

விமானம் நின்றதும் எல்லாரும் ஒரே மூச்சாக எழுந்து நின்றார்கள். கதவு திறக்க நேரமாகும் என்று தெரிந்தும் இடுப்பை வளைத்துக்கொண்டு நிற்பதில் அப்படி என்ன சுகமோ! தையல்காரி மட்டும் எழவில்லை. பக்கத்து இருக்கைக்காரர், "எறங்கலையாம்மா?" என்று கேட்ட பிறகுதான் இறங்க வேண்டும் என்பதே அவளுக்கு உறைத்தது.

முந்தின நாள் சாயங்காலம் தம்பியின் மனைவி போன் செய்ததிலிருந்து அவள் இப்படித்தான். வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே தம்பி சரிந்து விழுந்தான், ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தையல்காரி "சரி" என்றாள். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை, அழுகையும் வரவில்லை. கூடப்பிறந்தவன் செத்ததற்கு அழாமல் இருக்கிறோமே என்று பயமாக இருந்தது. அந்தப் பயம்கூட வேறு யாருடையதோ போல எட்டவே நின்றது.

"அக்கா, அவருக்குன்னு நீங்க தைச்ச சட்டை உங்ககிட்டதானே இருக்கு? அதைப் போட்டுத்தான் அனுப்பணும்" என்று தம்பியின் மனைவி கேட்டிருந்தாள். "வீட்டுக்குக் கொண்டுபோகலை. மாடிப்படில ஏத்த முடியாதாம். நாளைக்கு மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியிலேர்ந்தே நேரா எடுத்துடுவோம். அதுக்குள்ள வந்துடுங்க."

சட்டை தைத்து மாதக்கணக்காகிறது. கைப்பட்டிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி. ஊருக்கெல்லாம் நேரத்துக்குத் தைத்துக் கொடுப்பவள், தம்பி சட்டையை மட்டும் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டுவிட்டாள். போகிற வழியில் அந்தப் பொத்தானை வைத்துவிடலாம் என்று ஊசி, நூல், பெரிய கத்தரிக்கோல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். விமானத்துக்குள் கத்தரிக்கோலோடு ஏற முடியாது என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு அவளுக்குத் தெரியவில்லை. சோதனை செய்த இடத்தில், "இதைப் போட்டுடுங்க, இல்லைன்னா பையையே லக்கேஜ்ல குடுத்துடுங்க" என்றார்கள். சோறு போடுகிற கத்தரிக்கோலைக் குப்பையில் போட மனசு வரவில்லை. பையைக் கொடுத்துவிட்டாள். சட்டை அதற்குள் இருக்கிறது என்பது நடுவழியில் விமானம் மாறும்போதுதான் நினைவுக்கு வந்தது.

பெட்டிகள் வரும் கூடம் பெரியது. தலைக்கு மேல் இருந்த திரையில் அவள் ஊர்ப் பெயரும் அதற்கு நேரே பெல்ட் எண்ணும் தெரிந்தன. அந்த பெல்ட் அருகே போய் நின்றாள். கறுப்புப் பெட்டிகள், கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகள், ஒரு குழந்தையின் தள்ளுவண்டி எல்லாம் சுற்றி வந்தன. ஆட்கள் அவரவர் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் கரைந்தது. தள்ளுவண்டி மட்டும் கேட்பாரற்று இன்னொரு சுற்று வந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தம்பி இருந்தால், தான் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி, "என்னடி கத்தரி, அதுல ஏறிச் சுத்தப் போறியா?" என்று கேட்டிருப்பான். அப்படி நினைத்தபோதும் ஒன்றும் ஆகவில்லை.

போன் அதிர்ந்தது. 'எங்க அக்கா இருக்கீங்க?' என்று தம்பியின் மனைவி எழுதியிருந்தாள்.

அப்போதுதான் கை கால் அசைந்தது. காணாமல் போன பெட்டிகளுக்கான மேசையில் இருந்த பெண்ணிடம் போய், பையைக் கொடுத்தபோது தந்த ஒட்டுச்சீட்டைக் காட்டினாள். அந்தப் பெண் ஒரு பார்வைதான் பார்த்தாள்.

"நீங்க நடுவுல மாறி வந்திருக்கீங்கம்மா. அது உங்க ஊர்லேர்ந்து நேரா வந்த ஃபிளைட்டோட பெல்ட். கடைசியா எதுல வந்தீங்களோ, பை அதுலதான் வரும். அந்தக் கோடில பாருங்க."

கோடியில் இருந்த பெல்ட் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. எடுக்காமல் விட்ட பைகளைத் தூணோரமாக வரிசையாக இறக்கி வைத்திருந்தார்கள். அவள் பையும் அதில் இருந்தது. திறந்து பார்த்தாள். சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. சந்தோஷமாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை. பையை மூடித் தோளில் மாட்டினாள்.

கூட்டத்தோடு கூட்டமாக வலப்பக்க வாசலை நோக்கி நடந்தாள். போன தடவை வந்தபோது அந்த வழியாகத்தான் போனாள், கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றுகொண்டிருந்தான். கால் தானாக அங்கே போயிற்று. வாசலில் நின்ற காவலர் சீட்டையும் பையையும் ஒத்துப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போக ஆள் வந்திருக்காங்களா?"

"இல்லை. டாக்சி."

"அப்ப ஏன் இந்தப் பக்கம் வர்றீங்க? வெளிய போயிட்டா மறுபடி உள்ள விட மாட்டோம். அங்க நூறு பேர் பையப் புடிச்சு இழுப்பான், வாய்க்கு வந்த ரேட்டு சொல்லுவான். டாக்சி கவுண்டர் உள்ளயே இருக்கு பாருங்க, இடது கைப் பக்கம். சீட்டு வாங்கிக்கிட்டு அந்த வாசல்ல போங்க."

கண்ணாடிக் கூண்டுக்குள் கண்ணாடி போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முன்னால் நாலைந்து பேர் நின்றார்கள். எங்கே போகிறோம் என்று சொன்னால் அதற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு சீட்டு தருவார்கள். சீட்டில் என்ன இடம் போட்டிருக்கிறதோ, வண்டி அங்கேதான் போகும். தையல்காரியின் முறை வந்தது.

"எங்கம்மா?"

தம்பி வீட்டு விலாசத்தை மனப்பாடமாகச் சொன்னாள். குடியிருப்பின் பெயர், தெரு, பக்கத்தில் இருக்கும் மருந்துக்கடை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அந்தப் பெண் தட்டிக்கொண்டே வந்தாள்.

"அந்தத் தெருவுக்குள்ள கார் போகாதும்மா, தோண்டிப் போட்டிருக்காங்க. முக்குலதான் எறக்கிவிடுவாங்க. பை வேற வச்சிருக்கீங்க. அங்க வந்து கூட்டிட்டுப் போக ஆள் இருக்கா?"

"தம்பி வந்து நிப்பான்" என்றாள்.

அந்தப் பெண் தலையாட்டிவிட்டு அச்சடிக்கும் பொத்தானை அழுத்தப் போனாள்.

"வேணாம்" என்றாள் தையல்காரி. தன் குரலே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. "அங்க வேணாம். அங்க யாரும் இல்லை."

"ஏம்மா?"

"பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். மத்தியானத்துக்குள்ள."

பின்னால் நின்றவர் உச்சுக்கொட்டினார். அந்தப் பெண் அடித்ததை அழித்தாள்.

"அதுக்கு ரெண்டு வாசல் இருக்கும்மா. ரெண்டும் வேற வேற ரோடு. சீட்டுல போட்ட வாசல்லதான் விடுவாங்க, தப்பாப் போட்டா சுத்தி வரவே நேரமாயிடும். முன்வாசல் நோயாளிங்களைப் பாக்கப் போறவங்களுக்கு. உங்களுக்கு எந்த வாசல்?"

தையல்காரி வாயைத் திறந்தாள். நடந்ததை இதுவரை மற்றவர்கள்தான் சொன்னார்கள், அவள் சரி சரி என்று கேட்டுக்கொண்டாள். விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட, "தம்பி ஊருக்குப் போகணும்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

"பின்வாசல்" என்றாள்.

"பின்வாசல்ல பிணவறைதானேம்மா…" என்று ஆரம்பித்த பெண் சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"ஆமா, பிணவறைதான்" என்றாள் தையல்காரி. "என் தம்பி செத்துப்போயிட்டான். அவனுக்குச் சட்டை கொண்டுபோறேன்."

அவள் வாயால் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகுதான் அது அவளுக்குத் தெரிந்தது. கூண்டின் பலகையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பின்னால் உச்சுக்கொட்டியவர் அவள் தோளிலிருந்து நழுவிய பையைக் குனிந்து எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் சீட்டை அடித்துக் கிழித்தாள். பணத்தை வாங்கி வைத்தாள். பிறகு கூண்டை விட்டு வெளியே வந்து, இடது வாசலுக்கு வெளியே நின்ற ஓட்டுநரைக் கைதட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணே, பின்வாசல். மத்தியானத்துக்குள்ள போயாகணும், வழியில எங்கயும் நிறுத்தாதீங்க."