கெரிஸைக் கீழே வைத்தவர்கள்

யோக்யகர்த்தாவில் மதங்களைப் பற்றிப் படிக்கும் என் தம்பி கோமாங் கோயில் திருவிழாவுக்கு வந்து இறங்கினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. வைத்த சோறு அப்படியே கிடந்தது.

எங்கள் அப்பா இந்த ஊர்க் கோயிலின் மங்கு, அதாவது பூசாரி. பதினேழு வயதிலிருந்து கோமாங்கின் மேல் சாமி இறங்கும். திருவிழாவின் கடைசி நாள் சாயங்காலம், அருள் வந்த ஆண்கள் கெரிஸ் கத்தியைத் தங்கள் மார்பிலேயே வைத்து முழுப் பலத்தோடு அழுத்துவார்கள். கத்தி வளையும், தோல் கிழியாது. அருள் இல்லாமல் அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். போன தலைமுறையில் ஒருத்தன் அப்படித்தான் போய்ச் சேர்ந்தான். ஒருமுறை சாமி வந்தவனை ஊர் விடாது. வருஷா வருஷம் அவன் கெரிஸ் பிடிப்பதை எதிர்பார்த்து நிற்கும். படிப்பைச் சொல்லி கோமாங் இரண்டு திருவிழாவுக்கு வரவில்லை. இந்தமுறை சொல்ல ஒன்றும் இல்லை.

கடைசி நாள் காலையில் நான் படையலுக்குத் தென்னங்குருத்து பின்னிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"அக்கா, இந்தத் தடவை எனக்கு வராது போல இருக்கு."

"எல்லாச் சாமியையும் படிச்சு உள்ள சாமியையும் தொலைச்சுட்டியா?"

"தொலைச்சிருந்தா வரமாட்டேன்னு சொல்லிட்டு நிம்மதியா இருப்பேனே. எங்க படிப்புல முதல் பாடமே, உன் நம்பிக்கையை ஓரமா எடுத்து வைன்னுதான். நிஜமா பொய்யான்னு கேக்கக் கூடாது. கும்பிடறவன் எதைப் பாக்கறானோ அதை எழுதணும். அவனே படிச்சுட்டு ஆமான்னு சொல்லணும்."

"சரி, எழுதிட்டுப் போ."

"போன வருஷம் காலேஜ்லேருந்து வெளிநாட்டுக்கு, ஃபூகெட்டுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க சாமி வந்தவங்க கன்னத்துல கம்பி குத்திக்கிறாங்க. நம்ம கெரிஸும் இதுவும் ஒண்ணுதான்னு எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையால அடிச்சுட்டார். அங்க கம்பி உள்ள போகணும், ஊரோட கெட்டதை அந்த உடம்பு வாங்கிக்குது. நம்மகிட்ட உள்ள போகவே கூடாது. பார்வைக்கு ஒண்ணு, அர்த்தம் வேற. அப்படியே பாத்துப் பாத்துப் பழகிடுச்சுக்கா. நேத்து மேளம் கேட்டப்ப உடம்பு சிலிர்க்கல. எந்த இடத்துல வேகமாச்சுன்னு மனசு குறிப்பு எடுக்குது. ஓரமா வச்சதைத் திரும்ப எடுக்கத் தெரியல."

நான் குருத்தைக் கீழே போட்டேன். "அப்போ கெரிஸை வாங்காதேடா."

"அப்பா கையால நீட்டுவார். ஊரே பாத்துட்டிருக்கும். எப்படி வாங்காம இருக்கிறது?"

"மெதுவா அழுத்து. சும்மா நடிச்சுட்டு வா." இதையும் நான்தான் சொன்னேன். என் வாயில் சூடு போட வேண்டும்.

"பக்கத்துல இருக்கறவன் பாத்தா, நானும் மானத்துக்குப் பயந்து பலமா அழுத்திருவேன். அதுதான் பயமா இருக்கு," என்றான்.

நாலு மணிக்கு உள்முற்றத்தில் சாம்பிராணி மூட்டினார்கள். மேளம் ஏறியது. பத்துப் பன்னிரண்டு பேர் இடுப்பில் வெள்ளைத் துணியோடு நின்றார்கள். என் வீட்டுக்காரர் சுத்ரெஸ்னாவும் அதில் ஒருவர். அவர் வருஷா வருஷம் நிற்கிறவர், அவர் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் கண் முழுக்கத் தம்பி மேல்தான். ஒவ்வொருத்தராக அலறிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். அப்பா சன்னதியிலிருந்து கெரிஸ்களை எடுத்து நீட்டினார்.

கோமாங்கும் வாங்கினான். நுனியைக் காறையெலும்புக்குக் கீழே வைத்தான். வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அருள் வந்தவன் அக்காவைத் தேடுவானா? அவன் முழங்கை உயர்ந்தது. சாமி, இவனை விட்டுவிடு, விட்டுவிடு என்று உள்ளுக்குள் கதறினேன்.

கை இறங்கியது. கெரிஸைக் கீழே வைத்தான்.

"எனக்கு வரல. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்," என்றான். குரல் கிழிந்திருந்தது.

மேளம் ஒரு கணம் தடுமாறியது. "மங்கு பெத்த பிள்ளையோட லட்சணம் இது," என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். அப்பா அவன் முகத்தையே பார்த்தார். பிறகு குனிந்து கெரிஸை எடுத்து உறையில் போட்டார். "உக்காருப்பா," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பித்தான், என் தம்பி தப்பித்தான்.

அப்போதுதான் இன்னொரு கெரிஸ் தரையில் வைக்கப்படுவதைப் பார்த்தேன்.

என் வீட்டுக்காரர். நெஞ்சில் நுனி பட்ட இடத்தில் ரத்தம் பொட்டாக நின்றது. யாரையும் பார்க்காமல் போய் கோமாங் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றி மற்றவர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்கள் கத்திகள் வளைந்துகொண்டிருந்தன.

நான் தவழ்ந்தே போனேன் என்று நினைக்கிறேன். "எத்தனை வருஷமாங்க சாமி வராமலே அழுத்தறீங்க?" என்று கேட்டேன்.

"சின்னவ பொறந்ததுலேருந்து."

எங்கள் சின்ன மகளுக்கு ஒன்பது வயது. ஒன்பது திருவிழா, நான் முதல் வரிசையில் வெற்றிலை மென்றுகொண்டு, துளி பயமில்லாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.