ஜீவராஜ் மாற்றிய வாஷர்

கொழும்பு கிராண்ட்பாஸிலுள்ள பிஸ்கட் தொழிற்சாலையில் மாதா மாதம் கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர் வாசிப்புகளைத் தொகுத்து அறிக்கை தயாரிப்பவள் ஷிம்னா. போன மாதத்தைவிட நூற்றுக்குப் பதினைந்து வீதம் கூடினாலும் குறைந்தாலும் அந்தக் கட்டத்துக்குச் சிவப்புப் பூசுவாள். கூடினால்தான் கூச்சல் வரும். குறைந்ததற்கும் ஒரு மனிதர் குதிப்பார் என்று பாவம், அவள் நினைக்கவே இல்லை.

தண்ணீர் போன மாதம் அறுநூறு அலகு, இந்த மாதம் நானூற்றுப் பத்து. பிஸ்கட்டோ அதே அளவுதான் சுட்டிருக்கிறார்கள். மானேஜர் பொன்னம்பலம் சிவப்பைக் கண்டதும் கொதித்துவிட்டார்.

"கணக்கில விழாம, மீட்டருக்கு முன்னாலயே குழாயைத் திருப்பிவிட்டிருக்கினம். மீட்டர்ப் பெட்டிச் சாவி ஆரிட்ட இருக்கு? ஜீவராஜிட்டத்தானே! பின்னேரத்துக்குள்ள ஆளை வேலையால நிப்பாட்டுறன்."

பராமரிப்பு வேலை பார்க்கும் ஜீவராஜ் தலையைத் தொங்கப்போட்டு நின்றான். "நான் அப்படி ஒன்னும் செய்யலைங்க சேர்" என்றான்.

ஷிம்னாவுக்கு இது பொறுக்கவில்லை. தான் பூசிய சிவப்பால் ஒருவனுடைய வேலை போவதா? மேசைக்கு ஓடிப்போய் மற்றக் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தண்ணீர்ப் பம்புக்கென்று ஒரு சின்னக் கரண்ட் மீட்டர் உண்டு. அதன் வரியிலும் சிவப்பு! நூற்றிருபது, எண்பத்திரண்டாகியிருந்தது. கல்குலேட்டரைத் தட்டினாள். இரண்டும் ஒரே வீதத்தில் விழுந்திருந்தன. தாளைத் தூக்கிக்கொண்டு பறந்தாள்.

"சேர், களவாத் தண்ணி எடுத்தாலும் அது கீழ்த் தொட்டிக்குத்தானே வரும்? மேல் தொட்டிக்கு ஏத்த பம்ப் பழையபடி ஓடத்தானே வேணும்? பம்பும் குறைய ஓடியிருக்கு. தண்ணி உண்மையாவே மிச்சம்!"

பொன்னம்பலம் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அப்ப நீ என்னடாப்பா செய்தனி?"

ஜீவராஜ் யோசித்தான். "பொம்பளைங்க டொய்லட்ல ஃப்ளஷ் பண்ற தண்ணித் தொட்டி, சிஸ்டன், மூணு விடாம ஒழுகிச்சிங்க. அங்க கூட்டிக் கழுவுற குப்பாயி அக்கா சத்தம் கேக்குதுன்னாங்க. மாசம் பொறந்த அன்னிக்கே வாஷர் மாத்துனேன்."

"வேலைப் புத்தகத்தில ஏன் எழுதேல்லை?"

"வாஷர் மாத்துறதெல்லாம் ஒரு வேலைங்களா சேர்?"

ஷிம்னாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தை அடக்க அவளால் முடியவில்லை. குறிப்புக் கட்டத்தில், 'மூன்று வாஷர், ஜீவராஜ்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பொன்னம்பலம் கையெழுத்துப் போட்டுவிட்டு அவன் தோளைத் தட்டினார்.

"நூற்றித் தொண்ணூறு அலகு! கெட்டிக்காரனடா நீ. இன்னும் எங்கயாவது ஒழுகுதோ?"

ஜீவராஜ் காதைச் சொறிந்தான்.

"ஒன்னு பாக்கி இருக்குங்க சேர். அது எப்பவும் பூட்டியே கெடக்கு."

"எது?"

"உங்க டொய்லட்டுதாங்க."