ஏழு முறை தேய்ந்த சக்கரம்

போன வருடம் எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு நன்கொடை கேட்டு நான் இணையத்தில் போட்ட பதிவில் பதினான்கு எண்கள் இருந்தன. அதைப் படித்து ஒருவர்கூட அசையவில்லை. இந்த வருடமும் நன்கொடை இப்படியே இருந்தால், சக்கர நாற்காலிகளை வீடு தேடிப் போய்ப் பழுதுபார்க்கும் எங்கள் வேனை நிறுத்திவிடப்போவதாக நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. வேன் போய்விட்டால் எங்களிடம் மிஞ்சுவது பெயர்ப்பலகை மட்டும்தான்.

இயக்குநர் மேடம் மறுபடியும் எண்களோடு வந்து நின்றார்.

“அறுநூத்தி நாப்பது பழுது, நானூத்திப் பத்து பேரு. எல்லாத்தையும் போட்டுடும்மா. உசிரைக் குடுத்து செஞ்சிருக்கோம்ல?”

“மேடம், இதைப் படிச்சுட்டு யாராவது பையில கை விடுவாங்களா? எனக்கு ஒரே ஒரு ஆளோட கதை போதும்.”

பழுது அதிகம், ஆள் குறைவு. அப்படியானால் சிலர் திரும்பத் திரும்ப வேனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். பழுதுப் பதிவேட்டில் தேடினேன். ஒரு தையல்கார அக்காவுக்கு மட்டும் ஏழு முறை, அதுவும் அதே முன்சக்கரம்.

“ஐயையோ, அதைத் தொடாதே!” என்று மேடம் பதறினார். “நம்ம வேலையே மட்டம்னு நினைச்சுடுவாங்க.”

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. நேராக அக்காவுக்கே போன் போட்டேன்.

“ஏன்க்கா சக்கரம் இப்படித் தேயுது?”

“இது என்ன கேள்வி? ஊரைச் சுத்தினா தேயாதா? தைச்ச துணியை வீடு வீடா நான்தானே கொண்டுபோய்க் குடுக்கறேன். முன்னெல்லாம் சக்கரம் போயிடுமோன்னு பயந்து வாசலைக்கூடத் தாண்டமாட்டேன். இப்பதான் வேன் வருதே.”

எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. எட்டே வரி எழுதி, அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“கண்ணீர் மல்கவா? நான் எப்படி அழுதேன்னு நீ பாத்தே? அதைத் தூக்கு. மத்ததைப் போட்டுக்கோ. என் மூஞ்சி வேண்டாம், சக்கரத்தைப் படம் எடு.”

அந்தப் பதிவிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்! பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தேன். எடுத்த பிறகு பதிவு இன்னும் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல்.

படத்தில் தேய்ந்த சக்கரம். பதிவு முழுக்க ஏழு என்ற ஒரே எண். மற்ற எண்களுக்கு, கடைசியில் ஆண்டறிக்கையின் இணைப்பு. மேடம் அரை மனதோடு தலையாட்டினார்.

பணம் அனுப்புகிறவர்கள் குறிப்பு எழுத ஒரு கட்டம் உண்டு. வழக்கமாகக் காலியாகத்தான் வரும். அன்று ஒருவர் அதில் ‘எட்டாவது சக்கரத்துக்கு’ என்று எழுதியிருந்தார். பிறகு இன்னொருவர். வாரக்கடைசிக்குள் முன்பின் தெரியாத எத்தனையோ பேர் அதையே எழுதிவிட்டார்கள். நாங்கள் யாரையும் எழுதச் சொல்லவில்லை. மேடம் சத்தம்போட்டுப் படித்துப் படித்துச் சிரித்தார். வேன் தப்பித்தது.

அக்காவுக்குச் சொன்னேன்.

“அப்போ நாளைக்கு மேட்டுத் தெருவுக்கும் போயிட்டு வரேன்மா. அங்க ஒரே கல்லு. சக்கரத்துக்கு ஆகாதுன்னு இத்தனை நாளா போகாமலே இருந்தேன்.”