தொண்ணூற்று நான்கு வலது கால்கள்

கடல் ஏறி வந்த வெள்ளம் வடிந்து நாலாம் நாள் வாப்பா கடையைத் திறந்து, கீழ்த் தட்டுகளில் இருந்த செருப்புகளையும் சப்பாத்துகளையும் முற்றத்தில் வரிசையாக அடுக்கினார். இரண்டு நாள் உப்புத் தண்ணீரில் ஊறியவை. தோல் விறைத்து, அடித்தோல் கழன்றிருந்தது. நாய்கூட மோந்துவிட்டுத் திரும்பிப் போனது. நான் கைப்பேசியில் படம் எடுத்தேன். பதினான்கு படம்.

பிறகு காப்புறுதிக் கம்பனிக்குக் கடிதம் எழுத என்னைத்தான் இருத்தினார். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் என்றாலும் என் எழுத்து அழகு என்பது வாப்பாவின் எண்ணம். கடிதத்தோடு சரக்குப் பட்டியல், படங்கள், கொழும்பு மொத்தக் கடையில் வாங்கிய பற்றுச்சீட்டுகள். பட்டியலில் விற்கும் விலையை வாப்பா சொன்னார், நான் எழுதினேன். பிறகு வாங்கிய விலைதான் போட வேண்டும் என்று யாரோ சொல்ல, எல்லாவற்றையும் வெட்டித் திருப்பி எழுதினேன். கழுவினால் விற்கலாம் என்று றப்பர் செருப்புகளை வாப்பா சேர்க்கவில்லை. அதில் அவருக்குப் பெருமை. கடைசி வரியை நானாகவே எழுதினேன்: “மேற்படி தொண்ணூற்று நான்கு சோடிகளும் வெள்ளத்தில் முற்றாகப் பழுதடைந்துவிட்டன.”

தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்குமுன் அந்தக் காசு வந்தால் பள்ளிச் சப்பாத்து எடுக்கலாம். வராவிட்டால் கடை அடைத்தபடிதான். அந்த ஒரு மாத வியாபாரத்தில்தான் எங்கள் வருடம் ஓடுகிறது.

சேதம் பார்க்க வவுனியாவிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்தார். ஜெயகாந்த் என்று பெயர். வெள்ளைச் சட்டை, சின்னக் கார். முற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு, தூர நின்றே எல்லாவற்றையும் எண்ணினார். தொண்ணூற்று நான்கு சரியாக வந்தது. பிறகு கடைக்குள் வந்து கதிரையில் அமர்ந்து படங்களைப் பார்த்தார். ஒரு படத்தைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார், முதல் படத்துக்குத் திரும்பினார்.

“முஹைதீன் நானா, எல்லாம் இடது கால்.”

“ஓம் சேர்.”

“வலது எங்க?”

வாப்பா மேலே விரலைக் காட்டினார்.

கடைகளில் ஒரு காலைத்தான் பார்வைக்கு வைப்பார்கள். இரண்டையும் வைத்தால் யாராவது போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். மற்றக் கால் பெட்டியோடு மேல்தட்டில் இருக்கும். வெள்ளம் அங்கே ஏறவில்லை. வாப்பா ஏணி வைத்து ஏறி ஒரு பெட்டியை இறக்கினார். உள்ளே மெல்லிய கடதாசிக்குள் ஒரு வலதுகால் சப்பாத்து, புதுமணத்தோடு இருந்தது.

“இது நனையேல்லையே.”

“நனையேல்லைத்தான்.”

“கடிதத்தில தொண்ணூத்தி நாலு சோடியும் முற்றாப் பழுது எண்டு கிடக்கு.” மதிப்பீட்டாளரின் குரல் மெதுவாகியது. “நானா, இதைப் பொய்க் கோரிக்கை எண்டு எழுதினா முழுக் காசும் போகும். தெரியுந்தானே?”

கடையையும் வீட்டையும் பிரிக்கும் திரைக்குப் பின்னால் நானும் உம்மாவும் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். ‘முற்றாக’ என்பது என் சொல். வசனம் நன்றாக முடிய வேண்டும் என்று போட்டது.

“பொய்யோ?” வாப்பா சப்பாத்தைத் தூக்கிக் காட்டினார். “சேர், இதை வச்சு நான் என்ன செய்யிறது? ஒத்தைக் காலை ஆருக்கு விக்கிறது?”

“பாதிச் சேதம் எண்டு போட்டுத் தரலாம். பாதிக் காசு.”

“பாதிச் சோடி எண்டு ஒண்டு இருக்கோ சேர்?”

“சாமானில பாதி நல்லாத்தானே இருக்கு.”

உம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. திரைக்குப் பின்னாலிருந்தே சொன்னார்: “கள்ளனுக்குப் பயந்து ஒரு காலை மேல ஏத்தினார் சேர். கள்ளன் வரேல்லை. கடல் வந்திட்டுது. ரெண்டையும் கீழ வச்சிருந்தா இண்டைக்கு ஒழுங்காப் பழுதாப் போயிருக்கும்.”

“நீ சும்மா இரு ஹிதாயா,” என்றார் வாப்பா.

“நானும் இருபது வருசமாச் சும்மாதான் இருக்கிறன்.”

நான் பற்றுச்சீட்டுக் கோப்பை எடுத்து, திரையின் ஓரத்தால் மேசையில் தள்ளினேன். ஒவ்வொரு சீட்டிலும் அளவு என்ற இடத்தில் சோடி என்றே இருந்தது, விலையும் சோடிக்குத்தான். ஒற்றைக் காலுக்கு விலை எழுதிய சீட்டு ஒன்றும் இல்லை. அந்த வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

“இது விளங்குது. ஆனா எங்கட கம்பனிக் கந்தோரில கேப்பினம். ஒத்தைக் கால் ஒருத்தருக்கும் உதவாதோ எண்டு.”

அந்த நேரம் பார்த்து வாசலில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. தலைமன்னாரிலிருந்து அருட்பிரகாசம் அண்ணன் வந்திருந்தார். கண்ணிவெடியில் ஒரு கால் போனவர். கிழிந்த வலை பொத்துகிறவர். எங்கள் கடைக்கு நெடுநாள் வாடிக்கை.

மதிப்பீட்டாளர் அவரைக் கண்டதும் பேனையை எடுத்தார். முகத்தில் ஒரு வெளிச்சம்.

“அண்ணை, செருப்பு வாங்கவோ வந்தனீங்கள்?”

“பின்ன மீன் வாங்கவோ வருவன்?”

“உங்களுக்கு ஒரு கால் செருப்பு காணுந்தானே? பாருங்கோ, இஞ்ச புதுசு கிடக்கு.”

அருட்பிரகாசம் அண்ணன் நீட்டிய சப்பாத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார். பிறகு மதிப்பீட்டாளரைப் பார்த்தார்.

“தம்பி, எனக்கு மிச்சம் இருக்கிறது இடது.”

வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பில் அவர் தோள் குலுங்கியது.

“சரி அண்ணை, அதை விடுங்கோ. நீங்கள் வாங்கேக்க ஒரு காலுக்குத்தானே காசு குடுக்கிறது?”

“ஆர் சொன்னது?” அண்ணன் மெதுவாகக் கதிரையில் அமர்ந்தார். “இருபத்தாறு வருசம். எல்லாக் கடையிலயும் கேட்டுப் பாத்திட்டன். ஒருத்தனும் பாதி விலைக்குத் தரான். இந்த முஹைதீன் எனக்குக் கூட்டாளி, இவரும் தரார்.”

“மற்றக் காலை வச்சு நான் என்ன செய்யிறது?” என்றார் வாப்பா.

“அதைத்தான் இவர் ஒவ்வொரு முறையும் கேக்கிறார். நானும் ரெண்டுக்கும் காசு குடுத்திட்டுப் போறன். வீட்டில வலது கால் ஒரு சாக்கு கிடக்கு தம்பி. மனுசி எறியவும் விடுறாள் இல்லை, காசு குடுத்த சாமானாம். உங்கட கம்பனியில பாதிச் சோடிக்கு விலை இருக்கெண்டா சொல்லுங்கோ, சாக்கைக் கொண்டு வாறன்.”

மதிப்பீட்டாளர் படிவத்தை மேசையில் விரித்தார். பிறகு எழுதத் தொடங்கினார். எழுதியதை வாசித்தும் காட்டினார்: சரக்கு சோடியாகவே வாங்கப்பட்டது, சோடியாகவே விற்கப்படுகிறது, ஒற்றைக் காலுக்குச் சந்தை இல்லை என்பது நேரில் விசாரிக்கப்பட்டது. முழுச் சோடியாகக் கணக்கெடுக்கலாம், காப்புறுதியில் வழக்கமான பத்து வீதக் கழிவு போக.

“ஒரு விசயம் நானா. முழுச் சோடிக்கும் காசு தந்தா மிஞ்சிற சாமான் கம்பனிக்குச் சொந்தம். நீங்களே வச்சிருக்கிறதெண்டா அதுக்கு ஒரு சின்னத் தொகை கழிக்கிறன்.”

“ஒரு சதமும் கழிக்க வேண்டாம் சேர். சொந்தக்காரர் கொண்டு போகட்டும்.”

“காரிலயோ?”

“ஓம். றுஷ்தா, ஒரு ரசீது எழுது மகள்.”

எழுதினேன். ‘வலது கால் தொண்ணூற்று நான்கு, நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ இந்த முறை ஒரு சொல்லும் கூட்டவில்லை. பின் இருக்கை நிரம்பி, முன் இருக்கையும் நிரம்பி, கடைசிப் பெட்டி மதிப்பீட்டாளரின் மடிக்குப் போனது. அதை வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மூன்று கிழமையில் காசோலை வந்தது. பள்ளிக்கூடம் தொடங்க ஒன்பது நாள் இருக்கையில் கொழும்பிலிருந்து சப்பாத்துப் பெட்டிகள் வந்து இறங்கின. காசோலையோடு இன்னொரு கடிதமும் இருந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். மீட்கப்பட்ட தொண்ணூற்று நான்கு காலணிகளும் கேள்வி விலைக்கு, கூடக் கேட்பவருக்கு விற்கப்பட உள்ளன, விரும்பினால் காப்புறுதி செய்தவரும் கேட்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

“பைத்தியக்காரர். அதை ஆர் வாங்குவான்?” என்றார் வாப்பா.

தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, உம்மாவுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டார்.

“கேள்விக்குக் குறைஞ்சது எவ்வளவு எண்டு போட்டிருக்கினமோ?”