வெட்டிய மூன்று நிமிடம்

ஊரடங்கு நீண்ட இரண்டாயிரத்து இருபத்தொன்றில், சாய்ந்தமருதில் இரசாயனவியல் படிப்பித்த ஸைனுலாப்தீன் சேர் தன் வீட்டறையில் கரும்பலகை மாட்டி, கைபேசியில் பாடங்களைப் பதிவுசெய்தார். பதிவைச் சுருக்கி உயர்தர வகுப்பு மாணவர்களின் வட்ஸ்அப் குழுவில் போடுவது றிம்சானின் வேலை. கல்முனையில் கைபேசிக் கடை வைத்திருந்த அவன், சேரின் பழைய மாணவன்.

அன்றைய பதிவு இரண்டேகால் மணி நேரம், ஒன்றரை ஜீபி. குழுவில் நூறு எம்பிக்கு மேல் போகாது.

"மூண்டு துண்டாப் போடட்டா சேர்?"

"வேணாம் றிம்சான். போன தரம் ரெண்டாம் துண்டு பாதிப் பேருக்குப் போய்ச் சேரல்ல. ஒண்டாவே அனுப்பு."

படத்தின் அளவையும் பிட்ரேட்டையும் குறைத்துப் பார்த்தான். கோப்பு நூறுக்குள் வந்தது. ஆனால் சமன்பாட்டில் இரண்டும் மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தன. பிள்ளைகள் பிழையாக எழுதிவிடுவார்கள். எழுத்துத் தெளியவேண்டுமென்றால் நேரத்தைத்தான் குறைக்க வேண்டும். ஒலியை அடைத்து, படத்தை ஓடவிட்டு, பலகை அழிக்கும் இடம், இருமும் இடம், தண்ணீர் குடிக்கும் இடம் எல்லாவற்றையும் வெட்டினான். நடுவில் சேரின் சின்ன மகள் றிஸ்னா அறைக்குள் வந்திருந்தாள். அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு சேர் ஏதோ பேசினார். மூன்று நிமிடம். அதையும் வெட்டினான்.

ஒன்றரை மணி நேரமாகக் குறைந்ததும் எழுத்துத் தெளிந்தது. தொண்ணூற்றாறு எம்பி. அனுப்பிவிட்டு, முழுப் பதிவைத் தன்னிடம் வைக்காமலே மெமரி கார்ட்டை வெறுமையாக்கி அடுத்த பாடத்துக்குச் சேரிடம் கொடுத்தான். அதில் இன்னும் இரண்டு பாடங்கள் பதிவாகின.

மூன்றாவதைப் பதிவுசெய்யச் சேர் இல்லை. இருமல் கூடி ஆஸ்பத்திரிக்குப் போனவர் பத்தாம் நாள் மௌத்தானார். கொரோனாவில் மௌத்தானவர்களுக்கென்று ஒதுக்கியிருந்த தூரத்து ஓட்டமாவடியில் அடக்கினார்கள். வீட்டிலிருந்து யாரும் முகம் பார்க்கவில்லை.

நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடிந்த பிறகு சேரின் மனைவி சுல்பிகா, மகளுடன் கடைக்கு வந்தாள்.

"றிம்சான், இவள வாப்பா தூக்கி வெச்சிக் கதைச்ச பாடம் ஒண்டு இரிக்கி. பிள்ளைகள் அனுப்பினதில அது இல்ல. உன்னட்ட முழுசா இரிக்கும் எண்டு வந்த நான்."

றிம்சான் ஆளனுப்பி, சேர் வீட்டிலிருந்த மெமரி கார்ட்டை எடுப்பித்தான். அதில் அழிந்ததை மீட்கும் மென்பொருளை ஓடவிட்டான். வேறு பாடங்கள் அதன்மேல் ஏறியிருந்தன. பின்னேரம் வரை இருந்தும் ஒரு துண்டுகூட வரவில்லை.

"நான்தான் ராத்தா வெட்டின. சைஸ் கூடிப் போச்சு."

சுல்பிகா மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பாடத்துக்கு அது தேவல்லதானே," என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அவர் என்ன சொன்னவரெண்டாவது சொல்லு. இவளுக்கு ஞாபகமில்ல."

றிஸ்னா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சத்தத்த அடச்சிட்டுத்தான் வெட்டின ராத்தா," என்றான் றிம்சான். "நான் கேக்கவேயில்ல."