செவலைக்குச் சினை நிற்காத வருஷம்

நாலு தடவை ஊசி போட்டும் எங்கள் பசு செவலைக்குச் சினை நிற்கவில்லை. பாலும் வற்றிப்போயிற்று. சினையில்லாத மாடு தேயிலைத் தோட்டத்து லயத்துக் கொட்டிலில் நிற்கக் கூடாதாம், மாசக் கடைசிக்குள் கசாப்புக்குக் கொடுத்துவிட வேண்டுமாம். தோட்டத்துத் துரையின் உத்தரவை, எங்கள் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா சொல்லிவிட்டுப் போனார். அவருக்கென்ன, நாக்கை அசைத்தால் போதும். என் பிள்ளைகளை வளர்த்ததே அந்தப் பால்தான்.

"ஊசின்னு சொல்லி வெறும் தண்ணிய அடிக்கிறாரு" என்று டாக்டரைத் திட்டித் தீர்த்தார் என் புருஷன் சோலைமலை. நான்தான் அட்டன் டவுனுக்குப் போய், ஊசி போட்ட அதே மாட்டு டாக்டர் மரியரட்ணத்தின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அழைத்து வந்தேன்.

அவர் கையில் சோப்புப் பூசி, தோள்வரை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"அம்மாக்கண்ணு, ஊசி போட்டு எவ்வளவு நாள்ல திரும்பக் காளைக்குக் கத்துது?"

"ஒரு தடவ மூணு வாரங்க. மத்ததெல்லாம் ரெண்டு மாசத்துக்கு மேலங்க."

"அப்போ கரு தங்கியிருக்கு. தங்கி, உள்ளேயே செத்திருக்கு. கர்ப்பப்பை வீங்கி, சீழும் வருது."

கண்ணாடிக் குப்பியில் அந்தச் சீழைப் பிடித்துக்கொண்டு போனவர், மறுநாளே திரும்பி வந்தார்.

"மைக்ராஸ்கோப்புல கிருமி நெளியுது. இது காளைகிட்டேருந்துதான் வரும். நாங்க ஊசிக்கு எடுக்கிற காளைங்களச் சோதிச்சுத்தான் வச்சிருக்கோம். எந்தக் காளைகிட்ட ஓட்டிட்டுப் போனீங்க?"

நான் சோலைமலையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"ஊசிய நம்ப முடியலீங்க. போட்ட அன்னைக்கே கீழ் டிவிசன் காளைக்கும் விட்டுருவேன். ரெண்டுல ஒண்ணு பிடிச்சிடும்னு..."

"அடப்பாவி மனுசா!" என்று கத்தினேன்.

"கர்ப்பப்பையக் கழுவி விடுறேன்" என்றார் டாக்டர். "மூணு நாலு மாசம் காளையும் வேணாம், ஊசியும் வேணாம். கிருமி தானா போயிடும். பிறகு ஊசி மட்டும். செவல கண்ணு போடும்."

மூணு நாலு மாசம்! கண்டாக்கு ஐயாவிடம் ஓடினேன். டாக்டரும் கூட வந்து சொல்லிப் பார்த்தார். "இப்ப வயித்துல இருக்கா, இல்லையா?" என்றார் கண்டாக்கு. டாக்டரால் பொய் சொல்ல முடியவில்லை.

மாசக் கடைசியில் கசாப்புக்காரன் வந்தான். செவலை கயிற்றை இழுத்துக்கொண்டு என்னையே திரும்பித் திரும்பிப் பார்த்தது. சோலைமலை கொட்டிலுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். ஆறுதல் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் காலை, லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் வேலாயி தன் பசுவை ஓட்டிக்கொண்டு இறங்கினாள்.

"எங்கடி போற?"

"கீழ் டிவிசன் காளைக்கு. ராவெல்லாம் ஒரே கத்தல்."

"ஐயோ வேணாம்டி! அந்தக் காளைக்குச் சீக்கு. அதுலதான் என் செவல போச்சு!" பாதையை மறித்துக் கயிற்றைப் பிடித்தேன்.

வேலாயி என் கையைத் தட்டிவிட்டாள்.

"ஒம் மாடு போயிருச்சுன்னு என் மாடும் மலடா நிக்கணுமாக்கும்? வயித்தெரிச்சல் பிடிச்சவளே, வழிய விடு!"

பசு அவளுக்கு முன்னால் துள்ளிக்கொண்டு இறங்கியது.